அயல்நாட்டில் அடைபட்ட லாபம்: திட்டத்தின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது

வெளிநாட்டில் ஒரு துணை நிறுவனம் நன்றாக ஓடுகிறது. ஆண்டுக் கணக்கில் லாபம் இருக்கிறது, வங்கியில் பணமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் தாய் நிறுவனத்துக்கு வந்து சேரவில்லை. உள்ளூர் நாணயமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட நாட்டில் முதலீடு செய்யலாமா என்று முதல்முறையாகக் கணக்குப் போடுபவர்கள் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். லாபம் ஈட்டிய ஆண்டிலேயே கைக்கு வந்ததாக எழுதிவிடுகிறார்கள். அல்லது பயந்துபோய் மொத்தத்தையும் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். சரியான விடை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அது எங்கே என்பதைச் சில எளிய கணக்குகளால் கண்டுபிடித்துவிடலாம்.

எடுத்துக்காட்டுக்கு நைஜீரியாவை வைத்துக்கொள்வோம். இந்திய நிறுவனங்கள் பல அங்கே தொழில் நடத்துகின்றன. 2022, 2023 ஆண்டுகளில் நடந்தது இந்தப் பாடத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் காட்டுகிறது. அப்போது அதிகாரபூர்வ விகிதத்தில் ஒரு டாலர் 460 நைரா அளவில் இருந்தது. தெருச் சந்தையில் அதே டாலர் 750 நைராவை ஒட்டி விற்றது. அதிகாரபூர்வ விகிதத்தில் விண்ணப்பித்தவர்களுக்கு டாலர் கிடைக்கவில்லை. பயணச்சீட்டு விற்ற பணத்தை வெளியே கொண்டுபோக முடியாமல் எமிரேட்ஸ் விமான நிறுவனம் 2022 அக்டோபர் இறுதியில் நைஜீரியச் சேவையையே நிறுத்தியது. 2024 அக்டோபரில்தான் திரும்பி வந்தது. 2023 ஜூனில் மத்திய வங்கி விகிதத்தைச் சந்தைக்கு விட்டதும் நைரா சரிந்தது. அந்த ஆண்டு முடிவில் டாலர் 900 நைராவைத் தொட்டது, 2024 பிப்ரவரியில் 1,500 வரை போனது. 2022-ல் கணக்குப் புத்தகத்தில் 460 போட்டு ‘நம்மிடம் இத்தனை டாலர் இருக்கிறது’ என்று எழுதி வைத்தவர்களின் பணம் ஒன்றரை ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

முதல் படி: எந்த வகை அடைப்பு என்று பாருங்கள்

‘பணம் வரவில்லை’ என்பது ஒரே நோய் அல்ல. சட்டமே தடுக்கும் நாடுகள் உண்டு: லாபத்தில் இவ்வளவு சதவீதம்தான் அனுப்பலாம், அல்லது இத்தனை ஆண்டு கழித்துத்தான் அனுப்பலாம் என்று விதி இருக்கும். இதில் ஒரு நன்மை, தேதியும் அளவும் முன்கூட்டியே தெரியும். இரண்டாவது, சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் நாட்டில் டாலர் இல்லை. நைஜீரியாவில் நடந்தது இதுதான். வங்கியில் விண்ணப்பம் போடுவீர்கள், வரிசையில் நிற்பீர்கள், எப்போது கிடைக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது, டாலரும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, பணம் போகும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. ரஷ்ய எண்ணெய் வயல்களில் பங்கு வைத்திருக்கும் இந்தியப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 2022-க்குப் பிறகு வந்த ஈவுத்தொகை அங்குள்ள வங்கிக் கணக்கிலேயே தங்கியது இந்த வகை.

வகையைப் பிரிப்பது ஏனென்றால், கணக்குக்கு வேண்டிய மிக முக்கியமான எண் ‘பணம் எப்போது விடுபடும்’ என்பதுதான். முதல் வகையில் அதைச் சட்டத்தைப் படித்துச் சொல்லலாம். மூன்றாவது வகையில் அது அரசியல். இரண்டாவது வகையில் ஓரளவு ஊகிக்கலாம்: அதிகாரபூர்வ விகிதத்துக்கும் தெரு விகிதத்துக்கும் உள்ள இடைவெளி, வங்கியில் விண்ணப்பித்த நாளுக்கும் டாலர் கிடைத்த நாளுக்கும் உள்ள தூரம், விமான நிறுவனங்களுக்கு எவ்வளவு பாக்கி என்று அவற்றின் பன்னாட்டுச் சங்கம் வெளியிடும் எண் ஆகிய மூன்றையும் தொடர்ந்து பாருங்கள். இடைவெளி அகன்று, வரிசை நீண்டால் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வரப்போகின்றன என்று பொருள்: பணம் தாமதமாக வரும், வரும்போது மட்டமான விகிதத்தில் வரும்.

இரண்டாம் படி: தடையே இல்லாத கணக்கை முதலில் போடுங்கள்

ஒரு இந்திய நிறுவனம் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிளாஸ்டிக் பாட்டில் தொழிற்சாலை போட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கற்பனை. முதலீடு 100 லட்சம் டாலர். இன்று டாலருக்கு 400 நைரா, ஆக 400 கோடி நைரா. தொழிற்சாலையின் ஆயுள் நான்கு ஆண்டு. முடிவில் இயந்திரங்களுக்கு மதிப்பில்லை. உள்ளூர் வரிகளெல்லாம் போக, பங்கிட்டுக்கொள்ளக்கூடிய பணம் ஆண்டுவாரியாக 176, 192, 238.5, 261 கோடி நைரா. டாலர் விகிதம் படிப்படியாக 440, 480, 530, 580 என்று போகும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆக டாலரில் 40, 40, 45, 45 லட்சம். ஈவுத்தொகையில் 10 சதவீதம் அங்கேயே வரியாகப் பிடித்துவிடுவார்கள் (நைஜீரியாவின் பொது விகிதம் அதுதான்), மீதி 36, 36, 40.5, 40.5 லட்சம். தாய் நிறுவனம் இந்த மாதிரி வேலைக்கு ஆண்டுக்கு 15 சதவீத டாலர் வருமானம் எதிர்பார்க்கிறது.

ஒவ்வொரு ஆண்டுத் தொகையையும் 15 சதவீதத்தில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், அதாவது காத்திருக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒருமுறை 1.15-ஆல் வகுத்தால், 31.3, 27.2, 26.6, 23.2, கூட்டினால் 108.3 லட்சம். போட்டது 100. நிகர இன்றைய மதிப்பு 8.3 லட்சம் டாலர். செய்யத் தகுந்த வேலை.

இங்கேயே ஒரு பள்ளம் இருக்கிறது. உள்ளூர் மேலாளர் தன் அறிக்கையில் நைரா வரவுகளை எடுத்து, தலைமையகம் சொன்ன 15 சதவீதத்தால் அப்படியே கழித்துவிடுவார். அப்போது 604 கோடி நைரா வரும், 400 கோடி போக 204 கோடி லாபம், அதாவது இன்றைய விகிதத்தில் 51 லட்சம் டாலர்! தவறு எங்கே என்றால், 15 சதவீதம் டாலருக்கான விகிதம். நைரா ஆண்டுக்குப் பத்து சதவீதம் அளவுக்கு மலிவாகிக்கொண்டே போகும்போது நைரா வரவைக் கழிக்க 26 சதவீதம் வேண்டும். நாணயம் ஒன்று, விகிதம் இன்னொன்று என்று கலந்தால் எல்லாத் திட்டமும் தங்கச் சுரங்கமாகத் தெரியும். இந்தக் கலப்பு நடந்திருக்கிறதா என்று சோதிக்க ஒரு குறுக்குவழி: நைராக் கணக்கின் விடையை இன்றைய விகிதத்தில் டாலராக்குங்கள், டாலர்க் கணக்கின் விடையோடு ஒப்பிடுங்கள். எல்லா வரியும் ஒரே மாதிரி கழித்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரவேண்டும். வராவிட்டால் எங்கோ கலந்துவிட்டது.

மூன்றாம் படி: பணத்தை அது விடுபடும் தேதிக்கு நகர்த்துங்கள்

இப்போது தடையைக் கொண்டுவருவோம். நான்கு ஆண்டும் ஒரு டாலர்கூட வெளியே போகாது, நான்காம் ஆண்டு முடிவில் எல்லாம் ஒரே நாளில் விடுபடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட காலத்தில் பணம் நைஜீரிய அரசின் ட்ரெஷரி பில் என்ற குறுகிய காலப் பத்திரத்தில் 8 சதவீதத்தில் இருக்கும்.

முதல் ஆண்டுப் பணத்தை மட்டும் கூர்ந்து பாருங்கள். 176 கோடி நைரா மூன்று ஆண்டு 8 சதவீதத்தில் வளர்ந்து 221.7 கோடியாகிறது. நைராவில் பார்த்தால் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. ஆனால் 440-ல் இருந்த டாலர் 580 ஆகிவிட்டது. 40 லட்சம் டாலராக இருந்தது மூன்று ஆண்டு வட்டிக்குப் பிறகு 38.2 லட்சம் டாலர். வட்டி வாங்கிக்கொண்டே தேய்ந்திருக்கிறது. வரி போக 34.4 லட்சம், அதையும் நான்கு ஆண்டுக்குக் கழித்தால் 19.7 லட்சம். தடையில்லாவிட்டால் இதே பணம் 31.3 லட்சம் பெறும். ஒரு டாலருக்கு 63 காசுதான் தேறுகிறது. இதில் திருட்டும் இல்லை, பறிமுதலும் இல்லை. 15 சதவீதம் சம்பாதிக்க வேண்டிய பணம், டாலர்க் கணக்கில் ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் இழந்துகொண்டு உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். அடைபட்ட பணத்தின் நஷ்டம் என்பது இந்த இரண்டு விகிதங்களுக்கும் இடையில் உள்ள பள்ளம். எத்தனை ஆண்டு என்பது அந்தப் பள்ளத்தின் நீளம்.

நான்கு ஆண்டுத் தொகையையும் இப்படி வளர்த்தால் 221.7, 223.9, 257.6, 261, மொத்தம் 964.2 கோடி நைரா. 580-ஆல் வகுத்தால் 166.2 லட்சம் டாலர், வரி போக 149.6 லட்சம், இன்றைய மதிப்பு 85.5 லட்சம். 100 லட்சம் போட்டு 85.5 லட்சம் வாங்கினால் 14.5 லட்சம் நஷ்டம். அதே தொழிற்சாலை, அதே விற்பனை, அதே லாபம். கணக்கு மட்டும் பிளஸ் 8.3-லிருந்து மைனஸ் 14.5-க்கு இறங்கிவிட்டது.

எக்செலில் செய்யும்போது பல வரிகள் தேவையில்லை. முதல் வரிசையில் 1 முதல் 4 வரை ஆண்டுகள், இரண்டாம் வரிசையில் நைராத் தொகைகள், B8-ல் உள்ளூர் வட்டி, B9-ல் விடுபடும் நாளின் டாலர் விகிதம், B10-ல் பிடிக்கும் வரி, B11-ல் தாய் நிறுவனத்தின் விகிதம் என்று வைத்தால் இந்த ஒரே சூத்திரம் போதும்:

```
=SUMPRODUCT(B2:E2,(1+B8)^(E1-B1:E1))/B9*(1-B10)/(1+B11)^E1
```

தொகைகளைக் கோடியில் கொடுத்தால் விடை 0.855 கோடி டாலர் என்று வரும்.

முழுதாக அடைபடாமல் பாதி மட்டும் அடைபட்டால்? கணக்கு நேர்கோடுதான், நடுவில் விழும்: மைனஸ் 3.1 லட்சம். இன்னும் பயனுள்ள கேள்வி, எவ்வளவு அடைபட்டால் லாபம் மறையும் என்பது. முழு அடைப்பின் இழப்பு 22.8 லட்சம், நம்மிடம் உள்ள இடம் 8.3 லட்சம். வகுத்தால் 36 சதவீதம். ஈவுத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தங்கிவிட்டாலே திட்டம் தன் தகுதியை இழக்கிறது. இயக்குநர் குழுவுக்குக் கொடுக்க வேண்டிய எண் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம். நாட்டு நிலவரத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவதைவிட, ‘36 சதவீதத்துக்கு மேல் தங்கும் என்று நினைக்கிறீர்களா?’ என்று கேட்டால் கூட்டத்தில் உருப்படியான விவாதம் நடக்கும்.

உள்ளூர் வட்டியாக 8 சதவீதம் போட்டது ஏன் என்று கேட்கலாம். டாலர் பற்றாக்குறை உள்ள நாடுகளில் அரசு வட்டி பெரும்பாலும் பணவீக்கத்துக்குக் கீழேயே இருக்கும். 2022 டிசம்பரில் நைஜீரியப் பணவீக்கம் 21 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. குறுகிய கால அரசுப் பத்திரங்கள் அதன் பாதிகூடத் தரவில்லை. வெளியே போக வழியில்லாத பணம் எல்லாம் அதே பத்திரங்களைத் தேடி ஓடினால் வட்டி எப்படி ஏறும்? ஆகவே தாய் நிறுவனத்தின் விகிதத்தையே மறுமுதலீட்டு விகிதமாகப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் அடைப்பின் நஷ்டம் நிஜத்தைவிட மிகக் குறைவாகத் தெரியும். உள்ளூர் வங்கியில் இன்று உண்மையில் கிடைக்கும், வரி கழித்த வட்டியைக் கேட்டு எழுதுங்கள்.

நான்காம் படி: விடுபடும் நாளின் விகிதத்தைத் தனியாகச் சோதியுங்கள்

மேலே 580 என்று போட்டோம். ஆனால் அடைப்பு நீங்கும் நாளும் நாணயம் விழும் நாளும் பெரும்பாலும் ஒரே நாள். 2023 ஜூனில் நைஜீரியாவில் அதுதான் நடந்தது: வரிசை கரைய ஆரம்பித்ததே விகிதத்தை விட்டுக்கொடுத்ததால்தான். விடுபடும்போது 900 என்று வைத்தால் நம் 964 கோடி நைரா 107 லட்சம் டாலர்தான். வரியும் காலமும் போக 55.1 லட்சம், நிகர நஷ்டம் 44.9 லட்சம்.

ஆகவே ‘விடுபடும் ஆண்டு’, ‘விடுபடும் விகிதம்’ என்ற இரண்டையும் தனித்தனியாக ஊகிக்காதீர்கள், ஜோடியாக எழுதுங்கள். மூன்று ஜோடி போதும். தடையே வராது: பிளஸ் 8.3. நான்கு ஆண்டு தங்கி, எதிர்பார்த்த விகிதத்தில் வரும்: மைனஸ் 14.5. தங்கி, சரிந்த விகிதத்தில் வரும்: மைனஸ் 44.9. வாய்ப்பு 30, 50, 20 சதவீதம் என்று கருதினால் சராசரி மைனஸ் 13.7 லட்சம். இந்தச் சதவீதங்கள் ஊகம்தான், ஆனால் வெளிப்படையான ஊகம்; ஒத்துக்கொள்ளாதவர் தன் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

இதற்குப் பதிலாகப் பலர் செய்வது, ‘ஆபத்தான நாடு, மூன்று சதவீதம் கூட்டிப் போடு’ என்று 15-ஐ 18 ஆக்குவது. அப்படிச் செய்தால் நம் திட்டத்துக்கு பிளஸ் 1.9 லட்சம் வருகிறது, கையெழுத்தும் ஆகிவிடும். அடைப்பின் அளவு, காலம், உள்ளூர் வட்டி, விடுபடும் விகிதம் என்ற நான்கு தனித்தனிக் காரணங்களை ஒரு மூன்று சதவீதத்துக்குள் திணித்தால் எதுவும் வெளியே தெரியாது. இன்னும் மோசம், வரவுகளை நகர்த்திவிட்டு விகிதத்தையும் கூட்டுவது. ஒரே நஷ்டத்தை இரண்டு முறை எண்ணி, நல்ல திட்டத்தையும் கொன்றுவிடும். அடைப்பு வரவுகளில் தெரியட்டும், விகிதம் தொழிலின் ஆபத்தை மட்டும் சொல்லட்டும்.

ஐந்தாம் படி: பணம் போட்ட நாளிலேயே திரும்பும் வழிகளை அமையுங்கள்

எல்லாவற்றையும் பங்காகப் போட்டால் திரும்பி வர ஒரே வாசல்தான், ஈவுத்தொகை. தட்டுப்பாடு வரும்போது பெரும்பாலான நாடுகளில் முதலில் மூடப்படுவதும் அதுதான். முதலீட்டின் ஒரு பகுதியைத் தாய் நிறுவனத்தின் கடனாகவும், தொழில்நுட்பத்துக்கு ராயல்டியாகவும், செய்யும் வேலைக்குச் சேவைக் கட்டணமாகவும் பிரித்தால் வாசல்கள் பெருகும். ஆனால் இதைத் தட்டுப்பாடு வந்த பிறகு செய்ய முடியாது. புதிதாக முளைத்த ராயல்டி ஒப்பந்தத்தை எந்த மத்திய வங்கியும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

நம் கணக்கில் 100 லட்சத்தில் 40 லட்சத்தைக் கடனாகக் கொடுத்து, ஆண்டுக்கு 10 லட்சம் அசல் திரும்புகிறது, அதற்கு டாலர் கிடைக்கிறது என்று வைப்போம் (வட்டியை எளிமைக்காக விட்டுவிடுவோம், நிஜத்தில் வட்டியில்லாக் கடன் கொடுத்தால் இந்திய வருமானவரித் துறை கேள்வி கேட்கும்). அசலுக்கு ஈவுத்தொகை வரி இல்லை. மீதி மட்டும் நான்கு ஆண்டு அடைபடும். மைனஸ் 14.5 என்பது மைனஸ் 6.0 ஆகிறது. திட்டம் இன்னும் நஷ்டம்தான், ஆனால் 8 லட்சம் டாலருக்கு மேல் காப்பாற்றியது சில ஒப்பந்தத் தாள்கள்.

நைஜீரியாவில் அந்தத் தாள்களில் தலையானது மூலதன வரவுச் சான்றிதழ். அங்கே அதைச் ‘சி.சி.ஐ.’ என்றே சொல்வார்கள். வெளிநாட்டுப் பணம் உள்ளே வந்ததும் அதை வாங்கும் வங்கி 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியது. பணமாக மட்டுமல்ல, இயந்திரமாக அனுப்பினாலும் சான்றிதழ் உண்டு. பின்னாளில் ஈவுத்தொகை, கடன் அசல், வட்டி, பங்கை விற்ற பணம் எதுவானாலும் அதிகாரபூர்வச் சந்தையில் டாலர் வாங்க இந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். இதில் சறுக்கல் வழக்கமாக இயந்திரங்களில்தான் நடக்கிறது: அவசரத்தில் சரக்கைச் சுங்கத்தில் எடுத்துவிட்டு, சான்றிதழுக்கு ஆவணம் கொடுக்க மறந்துவிடுவார்கள். அந்த முதலீடு ஏட்டில் இருக்கும், திரும்பும் உரிமை இருக்காது. 2018-ல் இதே சான்றிதழ்கள் முறையாக வழங்கப்படவில்லை என்று சொல்லி, எம்.டி.என். தொலைபேசி நிறுவனம் வெளியே அனுப்பிய 810 கோடி டாலரைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னது மத்திய வங்கி. அந்த ஆண்டு டிசம்பரில் 5.3 கோடி டாலர் அளவில் சமரசம் ஆனது. தாள் சரியாக இருக்கிறதா என்பது பணம் போய்ச் சேர்ந்த பிறகும் கேள்வியாகலாம் என்பதற்கு அது சாட்சி.

ராயல்டிக்கும் தொழில்நுட்பக் கட்டணத்துக்கும் வேறு அலுவலகம்: நோட்டாப் எனப்படும் தொழில்நுட்ப ஒப்பந்தப் பதிவு அமைப்பு. ஒப்பந்தம் கையெழுத்தான 60 நாளுக்குள் அங்கே பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்துக்கு வங்கி டாலர் தராது.

இந்தியப் பக்கத்தில் கவனிக்க ஒன்று உண்டு. 2022-ன் வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி வரவேண்டிய பணத்தை, அது வரவேண்டியதான நாளிலிருந்து 90 நாளுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும். டாலர் கிடைக்காது என்று தெரிந்தும் லாகோசில் ஈவுத்தொகையை அறிவித்துவிட்டால் இந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு அறிவித்தது நைராத் தொகை. வரிசையில் நிற்கும் ஒவ்வொரு மாதமும் அது டாலரில் சுருங்கும். பணம் போக வழி தெரிந்த பிறகு அறிவிப்பது நல்லது, அல்லது அறிவிக்கும் முன்பே வங்கியிடம் எழுதிக் கேட்டு வைப்பது நல்லது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்ட பணம் இருந்தால் கணக்கே மாறும்

இதுவரை சொன்னது வெளியிலிருந்து புதிதாகப் பணம் கொண்டுபோகிறவர்களுக்கு. அந்த நிறுவனத்துக்குப் பழைய வியாபாரத்தில் 400 கோடி நைரா ஏற்கெனவே அங்கே அடைபட்டிருந்தால், அதைக்கொண்டு இதே தொழிற்சாலையைப் போடலாமா?

பழக்கதோஷத்தில் 400 கோடியை 400-ஆல் வகுத்து ‘முதலீடு 100 லட்சம் டாலர்’ என்று எழுதுவார்கள். அந்த 100 லட்சம் உங்கள் கைக்கு இன்று வரப்போவதில்லையே. அதைச் சும்மா விட்டால் என்ன கிடைக்கும் என்பதுதான் அதன் விலை. நான்கு ஆண்டு 8 சதவீதத்தில் 544 கோடி நைரா, 580-ல் 93.8 லட்சம் டாலர், வரி போக 84.4, இன்றைய மதிப்பு 48.3 லட்சம். ஆக இந்த முதலீட்டின் உண்மையான விலை 48.3 லட்சம். தொழிற்சாலை தருவது, முழு அடைப்பிலும், 85.5 லட்சம். நிகரம் பிளஸ் 37 லட்சம். புதுப் பணத்துக்கு வேண்டாம் என்று தள்ளிய அதே திட்டம் மாட்டிய பணத்துக்கு மிக நல்ல திட்டம். நைராவிலேயே பார்த்தாலும் புரியும்: சும்மா விட்டால் 544 கோடி, தொழிற்சாலையில் போட்டால் 964 கோடி.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் எதிர்ப்பக்கம் வழுக்குவார்கள். ‘மாட்டிய பணம்தானே, எதில் போட்டால் என்ன’ என்று தேவையில்லாத கட்டடம், யாரும் வராத விருந்தினர் விடுதி என்று போடுவார்கள். அந்தப் பணத்தின் விலை 48.3 லட்சம்தான், பூஜ்யம் அல்ல. இன்னொன்று, சும்மா விடுவதோடு மட்டும் ஒப்பிடக் கூடாது. நைராவைக் கொடுத்து எள், முந்திரி போன்ற ஏற்றுமதிச் சரக்கை வாங்கி வெளியே விற்பது ஒரு வழி. பண்ருட்டி முந்திரி ஆலைகள்கூட ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வாங்குகின்றன. சரக்கு விற்ற டாலரைக் குறித்த நாளுக்குள் நைஜீரிய வங்கிக் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதி உண்டு (எண்ணெய் அல்லாத பொருளுக்கு 180 நாள்), ஆனால் அது ஏற்றுமதியாளரின் டாலர்க் கணக்கில் டாலராகவே நிற்கும், நைராவாகக் கரையாது. அந்தத் தொழில் தெரியாதவர் சரக்கின் தரத்திலும் விலையிலும் 15, 20 சதவீதம் கோட்டைவிட்டாலும், ஒரு டாலருக்கு 48 காசு தேறும் பணத்துக்கு அது லாபமாகவே இருக்கலாம். எனவே தொழிற்சாலையின் 85.5 லட்சத்தை 48.3-உடன் மட்டுமல்ல, இத்தகைய வழியில் இன்றே எவ்வளவு வெளியே எடுக்கலாம் என்ற எண்ணுடனும் ஒப்பிட வேண்டும். ஒரு டாலருக்கு 70 காசு தேறுமென்றால் முதலீட்டின் விலை 70 லட்சமாகிவிடும், நம் 37 லட்சம் லாபம் 15.5 ஆகச் சுருங்கும்.

எந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது

ஒருங்கிணைந்த ஆண்டறிக்கையை நம்பி இருக்காதீர்கள். அங்கே லாகோசின் ரொக்கம் நிறுவனக் குழுமத்தின் ரொக்கத்தோடு சேர்ந்து ஒரே வரியில் வந்துவிடும். பயன்படுத்த முடியாத தொகை எவ்வளவு என்பது குறிப்புகளில்தான் இருக்கும். நாணயத்தை மாற்றவே முடியாத நிலையில் எந்த விகிதத்தில் மதிப்பிடுவது என்பதற்கான திருத்தமும் பன்னாட்டுக் கணக்கியல் தரத்தில் 2025 ஜனவரி முதலும், இந்தியத் தரத்தில் அதே ஆண்டு ஏப்ரல் முதலும்தான் வந்திருக்கிறது.

உங்கள் சொந்த அட்டவணையில் காலாண்டுக்கு ஒருமுறை நான்கு எண்களைப் புதிதாக எழுதுங்கள்: அடைபட்ட தொகை நைராவில், வரி கழித்த உள்ளூர் வட்டி, வங்கி வரிசையின் நீளம் மாதங்களில், அதிகாரபூர்வ விகிதத்துக்கும் தெரு விகிதத்துக்கும் உள்ள இடைவெளி. விடுபடும் நாளின் விகிதமாக அதிகாரபூர்வ விகிதத்தைப் போடாமல் தெரு விகிதத்தைப் போட்டு அதே சூத்திரத்தை ஓட்டுங்கள். 2023 மே மாதத்தில் 460-க்குப் பதில் 750 போட்டவர்களின் கணக்கில் பணம் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கியிருந்திருக்கும். பிறகு நிஜமாக வந்த விகிதம் அதையும் தாண்டிப் போனது.